ஆட்சேபித்த கேள்வியை ஒருமுறை போட்டுப் பாருங்கள்

விடைக்குறிப்பை இறுதி செய்யும் பாட வல்லுநர் குழுவினருக்கு,

வணக்கம். ஒளியியல் பகுதியின் இரண்டு கேள்விகளுக்கு வந்த ஆட்சேபங்களை "குறிப்பில் மாற்றமில்லை" என்ற ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியில் கணக்கு இல்லை. ஆட்சேபித்த மாணவர் ஒவ்வொரு படியையும் எழுதிக் கொடுத்திருக்கும்போது, எந்தப் படி தவறு என்றாவது நீங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

முதல் கேள்வி: குவியத் தொலைவு 15 செ.மீ. உள்ள குழியாடியின் முன் 10 செ.மீ. தொலைவில் பொருள் இருக்கிறது, பிம்பம் எங்கே? ஆடிக்கு முன் அல்லது பின், 6 அல்லது 30 செ.மீ. என நான்கு விடைகள். "ஆடிக்குப் பின் 6 செ.மீ." சரி என்கிறது உங்கள் குறிப்பு.

கார்ட்டீசியன் குறி மரபில் f = −15, u = −10. ஆகவே 1/v = −1/15 + 1/10 = 1/30. பிம்பம் ஆடிக்குப் பின்னால் 30 செ.மீ.யில், 3 மடங்கு பெரிதாக விழும். உங்கள் 6 எங்கிருந்து வருகிறது? f-க்குக் கழித்தல் குறி போட மறந்தால் 1/15 + 1/10 = 1/6 ஆகிவிடும். அதை ஏற்றால் பிம்பம் பொருளைவிடச் சிறியது, 0.6 மடங்கு. குவியத்துக்கு உள்ளே வைத்த பொருளைக் குழியாடி ஒருபோதும் சிறிதாக்கிக் காட்டாது. சமன்பாடே இல்லாமல், ஒரு கதிர்ப்படம் வரைந்தாலே இது தெரிந்துவிடும்.

ஆனால் குறிப்பு தவறு என்று உடனே முடிவு கட்டவும் நாங்கள் சொல்லவில்லை. தவறான விடைகளை இப்படிப்பட்ட சறுக்கல்களிலிருந்து உருவாக்குவதுதான் வினா அமைப்போரின் வழக்கம். அதனால் ஒரு விடை குறிப் பிழையில் கிடைக்கிறது என்பது மட்டுமே அது தவறு என்பதற்குச் சான்று ஆகாது. முதலில் குறிப்பைப் பார்க்காமல் கணக்கைப் போட வேண்டும். இரண்டும் ஒத்துவராதபோதுதான், குறிப்பின் விடை எந்தச் சறுக்கலில் பிறக்கிறது என்று தேட வேண்டும். இங்கே இன்னொரு சாத்தியமும் உண்டு: 15 செ.மீ. குவியாடிக்கு 6 செ.மீ.தான் சரியான விடை. குழி, குவி இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். மூல வினாவில் குவியாடி இருந்து அச்சில் குழியாடி ஆகியிருந்தால், பிழை குறிப்பில் இல்லை, வினாவில் இருக்கிறது. அப்போது தீர்வும் வேறு. மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைக்கூடவா செய்யவில்லை?

இரண்டாவது கேள்வியில் முழுதாக்கல் பிழை. குவிலென்சின் குவியத் தொலைவு 30 செ.மீ., பொருள் 35 செ.மீ.யில், பிம்பத் தொலைவு 250 என்கிறீர்கள். 1/30-ஐ 0.033 என்றும் 1/35-ஐ 0.029 என்றும் எடுத்துக் கழித்தால் 0.004; அதன் தலைகீழ் 250. கிட்டத்தட்ட சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது முன் இலக்கங்கள் அடிபட்டு, முழுதாக்கிய கடைசி இலக்கம்தான் மிஞ்சுகிறது. பின்னமாகவே போட்டால் 35 × 30 / 5 = 210. அதுவும் விடைகளில் இருக்கிறது.

இதில் சரிபார்ப்பவரையே ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. 250-ஐத் திரும்பப் போட்டு, மறுபடி மூன்று தசம இடத்தில் நிறுத்தினால் 0.004 + 0.029 = 0.033, எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். அதே முழுதாக்கலை வைத்து அதே பிழையைச் சோதித்தால் அது அகப்படாது. முழுதாக்காமல் போடுங்கள்: 35 × 250 / 285 = 30.7. வினாவில் இருப்பது 30. தசமத்தில்தான் போட வேண்டுமென்றால் ஓர் இடம் கூட்டிப் பாருங்கள்: 0.0333 − 0.0286 = 0.0047, தலைகீழ் ஏறக்குறைய 213. இடம் கூட்டியதும் விடை இவ்வளவு நகர்ந்தால் அந்த 250 முழுதாக்கலில் பிறந்தது.

எல்லா ஆட்சேபமும் இப்படிப்பட்டதல்ல என்பதும் எங்களுக்குத் தெரியும். g-ஐ 10 என்று எடுப்பதா 9.8 என்று எடுப்பதா என்பதை வினாவே சொல்லியிருந்தால் வாதமே இல்லை. சொல்லாமல் விட்டு, இரண்டுக்கும் பொருந்தும் விடைகளைத் தனித்தனியே கொடுத்திருந்தால் இரண்டுக்கும் மதிப்பெண் தர வேண்டும். ஆடிக் கணக்கிலும் லென்சுக் கணக்கிலும் அப்படி எந்த இடைவெளியும் இல்லை. சரியாகப் போட்ட மாணவருக்கு மதிப்பெண் குறைகிறது. குறியை மறந்தவருக்குக் கூடுகிறது. பயிற்சித் தாளாக இந்தக் குறிப்பைப் படிக்கப்போகும் அடுத்த அணி மாணவர்கள், தங்கள் சரியான வழியையே சந்தேகிப்பார்கள்.

எனவே, ஆட்சேபம் வந்த கேள்வியைக் குறிப்பைப் பார்த்திராத இருவரிடம் தனித்தனியே கொடுத்துப் போட வையுங்கள். அவர்கள் போட்ட படிகளை முடிவோடு சேர்த்து வெளியிடுங்கள். மாற்றமில்லை என்றாலும் சரி, கணக்கைக் காட்டிச் சொல்லுங்கள். இந்த இரண்டு கேள்விகளையும் இறுதிப் பட்டியலுக்கு முன் மறுபடி போட்டுப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இயற்பியல் கற்பிக்கும் ஆசிரியர்கள்