முகமாற்றுக்கு ஒரே ஒரு நேர்முகப் படம் அனுப்பும் தயாரிப்புக் குழுக்களுக்கு

வணக்கம்.

“நடிகரின் படம் இணைத்திருக்கிறோம், டூப்பின் முகத்தில் பொருத்திவிடுங்கள்” என்று எழுதுகிறீர்கள். திறந்து பார்த்தால் பாஸ்போர்ட் படம் மாதிரி நேராகப் பார்க்கும் முகம் ஒன்றுதான் இருக்கிறது. காட்சியிலோ டூப் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்.

தலை தோள்பக்கம் சாய்ந்திருந்தால் சிக்கலே இல்லை. படத்தை அந்த அளவுக்குச் சுழற்றினால் போதும். திரும்பியிருந்தால்தான் வம்பு. கண்களின் வெளிமுனைகளுக்கு இடையே 90 மி.மீ., மூக்கு நுனி அவற்றை இணைக்கும் கோட்டுக்கு 40 மி.மீ. முன்னால் என்று வைத்துக்கொள்வோம். தலை 40 டிகிரி திரும்பினால் அந்த 90, 69 ஆகச் சுருங்கித் தெரியும். மூக்கு நுனியோ நடுவிலிருந்து 26 மி.மீ. நகர்ந்துவிடும். தூரத்துக் கண்ணின் வெளிமுனைக்கும் அதற்கும் கிடைமட்டத்தில் 9 மி.மீ.தான் மிச்சம். தட்டையான படத்தை அகலத்தில் நெருக்கினால் மூக்கு நடுவிலேயே நிற்கும். பார்ப்பவருக்கு முகமூடி மாட்டியது போலிருக்கும்.

படத்தில் இல்லாத அந்த ஆழத்தைத் தருவது முப்பரிமாண முகமாதிரி. வோல்கர் பிளான்ஸும் தாமஸ் வெட்டரும் 1999இல் வெளியிட்ட மாதிரி, லேசரால் அளந்த 200 தலைகளிலிருந்து பிறந்தது. ஒரு சராசரி முகம், அதிலிருந்து ஒவ்வொருவரும் எப்படி வேறுபடுகிறார் என்பதற்குச் சில எண்கள், அவ்வளவுதான். இப்படியொரு மாதிரியை இரண்டு முறை பொருத்துகிறோம். நடிகரின் படத்திலிருந்து முக அமைப்பை எடுக்கிறோம். டூப்பின் காட்சியிலிருந்து தலைக் கோணத்தையும் வாயசைவையும் எடுக்கிறோம். இரண்டையும் சேர்த்துத் திருப்பினால் மூக்கு தானாகவே சரியான இடத்துக்குப் போய்விடும்.

வடிவம் வந்துவிட்டது, தோல்? காதுக்கு முன்னால் உள்ள கன்னம் நேர்முகப் படத்தில் கேமராவிலிருந்து சுமார் 70 டிகிரி விலகியிருக்கிறது என்று கொள்ளுங்கள். தலை திரும்பியதும் அது 30 டிகிரிக்கு வந்துவிடும். அதாவது 10 பிக்சலில் இருந்த தோலை 25 பிக்சலுக்கு இழுக்க வேண்டும். மயிர்க்கால்கள் கோடுகளாக நீள்வதைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். மறுபக்கக் கன்னத்தைப் புரட்டி ஒட்டலாமே என்று ஒருவர் கேட்டார். நேர்முகப் படத்தில் அதுவும் அதே 10 பிக்சல்தான். போதாததற்கு, மச்சம் இருந்தால் இரண்டாகிவிடும்!

எனவே மூன்று படங்கள் அனுப்புங்கள்: நேராக ஒன்று, இருபுறமும் 45 டிகிரி திரும்பி ஒவ்வொன்று. வெளிச்சம் எல்லாப் பக்கமும் சமமாக விழட்டும். இல்லையென்றால் மூக்கின் நிழல் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு தலையோடு சேர்ந்து திரும்பும். செல்ஃபி வேண்டவே வேண்டாம். கைநீளத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகத் தெரியும். மூக்கே அப்படித்தான் என்று மாதிரி நம்பிவிடும். கண்ணாடியையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். மாதிரிக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் முகம்தான், அது கண்ணாடிச் சட்டத்தையும் கன்னத்தில் வரைந்து வைத்துவிடும்.

இப்படிக்கு,
முகமாற்று வேலை பார்க்கும் ஒருவன்