பாஸ்கா இரவை இருட்டில் தொடங்குங்கள்: எங்கள் பங்குக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவைக்கும், வழிபாட்டுக் குழுவினருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க!

வரும் 2027-இல் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. பாஸ்கா திருவிழிப்பை இந்த முறையும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கே வைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. முடிவெடுக்கும் முன் இந்த மடலைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பதினெட்டு வருடம் இந்தக் கோயிலில் பீட வேலை பார்த்தவன் நான். அந்த இரவுக்கு வேண்டியதை எடுத்து வைத்தே பழகிய கை.

போன வருடம் நடந்ததை எல்லாரும் பார்த்தோம். ஆறு மணிக்கு முற்றத்தில் புது நெருப்பு மூட்டினோம். வானம் வெளுத்துக் கிடந்தது, நெருப்பு இருப்பதே பின்வரிசைக்குத் தெரியவில்லை. கடல்காற்று வேறு. மண்ணெண்ணெய் ஊற்றியும் தீ நிற்காமல் புகைந்தது. பாஸ்கா திரி என்று சாமி கையில் கொடுத்தது மெழுகே அல்ல, உள்ளே எண்ணெய் ஊற்றிய பிளாஸ்டிக் குழாய். அதில் சிலுவையைக் கீற முடியாது என்பதால் ஆண்டு எண்ணை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார்கள். நடுக்கோயிலில் இரண்டாம் முறை 'கிறிஸ்துவின் ஒளி இதோ' என்று பாடும்போது மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. திரி அணைந்தது. பக்கத்தில் நின்றவர் சட்டென்று லைட்டரை எடுத்து ஏற்றிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, பதறிப் போய்ச் செய்தார். ஆனால் அன்று நாம் எல்லாரும் கையில் பிடித்திருந்தது மந்திரித்த புது நெருப்பு அல்ல, லைட்டர் நெருப்பு. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நேரத்தைப் பற்றித் திருப்பலிப் புத்தகம் தெளிவாகவே சொல்கிறது. திருவிழிப்பு முழுவதும் இரவில் நடக்க வேண்டும். இருட்டும் முன் தொடங்கக் கூடாது, ஞாயிறு விடியும் முன் முடிந்துவிட வேண்டும். வழக்கமான சனி மாலைத் திருப்பலி நேரத்தில் இதை வைப்பது கண்டிக்கத்தக்கது என்று 1988-இல் உரோமையிலிருந்து வந்த சுற்றுமடலும் சொல்கிறது. நம் தாத்தா காலத்தில் சனிக்கிழமை காலையிலேயே, நல்ல வெளிச்சத்தில், இந்தச் சடங்கு நடந்து முடிந்துவிடும். அது சரியில்லை என்றுதான் பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர் 1951-இல் சோதனையாகவும், 1956 முதல் கட்டாயமாகவும் அதை இரவுக்கு மாற்றினார். திரும்பவும் நாம் வெளிச்சத்துக்குப் போவானேன்?

ஆறு மணி கேட்பவர்களின் காரணமும் நியாயமானதுதான். பதினொரு மணிக்குத் தொடங்கினால், நள்ளிரவில் 'உன்னதங்களிலே' பாடி, உயிர்த்த ஆண்டவர் சுரூபம் எழும்பி, வெடி போட்டு, வீடு திரும்ப ஒன்றரை ஆகிறது. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அது சிரமம். அப்படியானால் நேரத்தை முன்னால் இழுக்காமல் பின்னால் தள்ளலாமே. அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கினால் ஐந்தேகாலுக்குள் முடித்துவிடலாம். மார்ச் கடைசியில் நம் ஊரில் சூரியன் உதிக்க ஆறேகால் ஆகும். எட்டு மணிக்கே படுத்துத் தூங்கிய பிள்ளைகள் தெளிவாக எழுந்து வருவார்கள். நம் தெருவில் இருக்கும் சி.எஸ்.ஐ. குடும்பங்கள் வருடா வருடம் நாலு மணிக்கு எழுந்து கோயிலுக்குப் போய், விடியும் முன் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றிப் பாடிவிட்டு வருகிறார்கள். எண்பது வயதுப் பாட்டியும் போகிறார். 1732-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொரேவிய சபை இளைஞர்கள் இப்படித்தான் விடியலில் கல்லறை மேட்டுக்குப் போய்ப் பாடினார்களாம். அவர்களால் முடிகிறது, நம்மாலும் முடியும்.

அதிகாலையில் இன்னொரு வசதி, காற்று. மாலையில் கடலிலிருந்து வீசுவது பலமாக இருக்கும். விடியற்காலையில் தரையிலிருந்து கடல் பக்கம் மெல்லத்தான் போகும். முற்றத்து நெருப்புக்கு மண்ணெண்ணெயே தேவைப்படாது. காய்ந்த பனைமட்டை மேலே, சிரட்டை கீழே. மட்டை நல்ல தழலாக எரியும், சிரட்டைக் கனல் தூபக்கலசத்துக்கு ஆகும்.

அதிகாலை முடியவே முடியாது என்றால் குறைந்தது இரவு ஏழே முக்காலுக்காவது வையுங்கள். வானம் அடங்கியிருக்கும்.

அடுத்தது திரி. அது மெழுகில் செய்ததாக, ஆண்டுதோறும் புதியதாக, ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே சட்டம். பாஸ்கா புகழுரையில் தேனீக்களின் உழைப்பைப் பாடிக்கொண்டே பிளாஸ்டிக் குழாயைத் தூக்கிப் பிடிப்பது எப்படிப் பொருந்தும்? மூன்று விரற்கடைத் தடிமனில் மூன்றடித் திரி போதும். பெந்தகோஸ்து வரை ஐம்பது நாளும், அப்புறம் வருடம் முழுக்கத் திருமுழுக்குக்கும் அடக்கத் திருப்பலிக்கும் எரியும். வாங்கி வந்ததைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், நம் வெயிலுக்கு வளைந்துவிடும். சமமான பலகையில் படுக்க வையுங்கள். முதல் நாளே ஒரு ஆணியைச் சூடாக்கி, சாம்பிராணி மணிகளுக்கு ஐந்து துளை போட்டு வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாமி இருட்டில் குத்தும்போது மெழுகு வெடிக்கும். சிலுவை, மேலே அகரம், கீழே னகரம், சுற்றிலும் 2, 0, 2, 7 ஆகியவற்றை லேசாகக் கோடு போட்டு வைத்தால் சாமி அதன் மேலேயே கீறிவிடுவார். திரிநூலைச் சுற்றியுள்ள மெழுகைக் கொஞ்சம் சுரண்டி, நூல் அரை விரல் வெளியே நிற்கும்படி விட்டால் முதல் தொடலிலேயே பிடித்துக்கொள்ளும்.

அணைந்துவிட்டால் என்ன செய்வது? புது நெருப்பிலிருந்தே ஒரு அரிக்கேன் விளக்கை ஏற்றி, பவனியில் பாஸ்கா திரிக்குப் பின்னாலேயே ஒருவர் கொண்டு வரட்டும். தேவைப்பட்டால் அதிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம், நெருப்பு மாறாது. மின்விசிறி, சீரியல் பல்பு, கேமரா விளக்கு எல்லாவற்றுக்குமான மெயினை நெருப்பு மந்திரிக்கும் முன்பே இறக்கிவிட வேண்டும். வாசலில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, பீடத்துக்கு முன் ஒரு முறை. மூன்றாவது பாட்டுக்குப் பிறகுதான் மின்விளக்கு. பீடத்து மெழுகுதிரிகள் அப்போதும் 'உன்னதங்களிலே' வரை காத்திருக்கும்.

உடுப்பைப் பற்றியும் அறிவிப்பில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். புதுத்துணி எடுப்பது நம் வழக்கம், எடுக்கட்டும். ஆனால் கூட்டத்தில் அத்தனை பேர் கையிலும் தீ இருக்கிறது. நைலான் நெட் பாவாடை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி ஒட்டாது என்றாலும் வேகமாகப் பற்றும், ஆகவே எந்தத் துணியானாலும் தொங்கக் கூடாது. முந்தானையைப் பின் குத்தி இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். முக்காடு போடுகிறவர்கள் நுனியைக் கழுத்தோடு சுற்றிக்கொள்ளட்டும். அன்று திருமுழுக்குப் பெறுகிறவர்களுக்கு வெள்ளை உடுப்பு உண்டு. மற்றவர்களும் ஒரு வெள்ளைப் பருத்தி வேட்டியோ சேலையோ உடுத்தினால் அந்த இருட்டில் எவ்வளவு அழகாக இருக்கும் என்பது என் ஆசை, கட்டாயம் அல்ல. நெருப்பைச் சுற்றி நிற்கும் பீடச் சிறுவர்களுக்கு மட்டும் செருப்பு கட்டாயம், கனல் தெறிக்கும்.

தீ கொடுக்கும் முறையையும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் செய்து காட்ட வேண்டும். எரிகிற திரி நிமிர்ந்தே நிற்க வேண்டும், எரியாத திரிதான் சாய்ந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். தலைகீழாகச் செய்வதால்தான் முன்னால் நிற்பவர் தோளில் மெழுகு வடிகிறது.

திரிக்கான செலவு முழுவதையும் எங்கள் அன்பியம் ஏற்றுக்கொள்கிறது. மெழுகில் சொல்லிச் செய்ய நாள் பிடிக்கும். சாம்பல் புதனுக்குள் சம்மதம் தெரிவித்தால் நானே போய் ஆர்டர் கொடுத்துவிட்டு வருகிறேன். துளை போடுவதும் கோடு போடுவதும் என் பொறுப்பு. அரிக்கேன் விளக்கு எங்கள் வீட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய கோயில்பிள்ளை