4கே டிவியில் 4கே படம் வருகிறதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

புது டிவி வீட்டுக்குப் போன ஓரிரு நாளில் எங்களுக்கு வரும் அழைப்புகளில் அடிக்கடி கேட்பது இதுதான்: "பழைய டிவியிலேயே படம் இதைவிடத் தெளிவாக இருந்ததே!" பெரும்பாலும் டிவியில் கோளாறு இருப்பதில்லை. அதற்குள் எந்தத் தரத்தில் படம் வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி.

பெட்டியின் மேல் அல்ட்ரா எச்டி அல்லது 4கே என்று அச்சிட்டிருப்பது திரையிலுள்ள புள்ளிகளின் கணக்கு. அகலவாக்கில் 3840, உயரவாக்கில் 2160, மொத்தம் ஏறக்குறைய 83 லட்சம். ஃபுல் எச்டியில் இதில் கால் பங்குதான். எச்டி அல்லாத சாதாரண கேபிள் சேனலிலோ 720க்கு 576, அதாவது சுமார் 4 லட்சம் புள்ளிகளே. அந்தச் சேனலை 4கே திரையில் போட்டால், வந்த ஒரு புள்ளியை வைத்து இருபது புள்ளிகளை டிவியே நிரப்ப வேண்டியிருக்கிறது. 32 அங்குலத்தில் மறைந்து கிடந்த மங்கல் 55 அங்குலத்தில் பளிச்சென்று தெரிகிறது. பழைய டிவி தெளிவாக இருந்ததன் ரகசியம் இவ்வளவுதான்.

எச்டிஆர் வேறு சங்கதி. புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெளிச்சமும் நிறமும்தான் அதன் வேலை. திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். சாதாரண வீடியோ 100 நிட்ஸ் வெளிச்சத்தை மனத்தில் வைத்துத் தயாரிக்கப்படுகிறது. எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1000 நிட்ஸ் அல்லது அதற்கு மேல். அதனால் இருட்டுக் காட்சியில் விளக்குச் சுடர் ஒளிரும்போதே பின்னால் நிற்கும் தூணின் வேலைப்பாடும் தெரியும். 4கே படமெல்லாம் எச்டிஆர் ஆகிவிடாது.

அண்மையில் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறோம். 55 அங்குல 4கே டிவி, எச்டி கேபிள் பெட்டி, நெட்ஃபிளிக்ஸில் ஸ்டாண்டர்ட் திட்டம், 50 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட். கேபிள் பெட்டி தரக்கூடிய உச்சம் 1920க்கு 1080. எந்தச் சேனலை வைத்தாலும் அதில் 4கே வராது. போதாக்குறைக்கு, வீட்டார் பழக்கத்தில் தங்கள் சீரியலை எச்டி அல்லாத எண்ணிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே சேனலின் எச்டி எண்ணுக்கு மாற்றியதும் பாதி மனக்குறை தீர்ந்தது.

மீதிப் பாதி நெட்ஃபிளிக்ஸ். அதன் ஸ்டாண்டர்ட் திட்டம் 1080-உடன் நின்றுவிடும். 4கே வேண்டுமென்றால் பிரீமியம் திட்டம்தான். ஜியோஹாட்ஸ்டாரிலும் சூப்பர் திட்டத்தில் 4கே கிடையாது, பிரீமியத்தில் உண்டு. நெட்ஃபிளிக்ஸில் சரிபார்ப்பது எளிது. 4கே-யில் வந்திருப்பதாக நீங்கள் அறிந்த ஒரு படத்தைத் திறந்து, தலைப்பின் அருகே பாருங்கள். Ultra HD 4K, HDR, Dolby Vision என்ற குறிகளில் ஏதாவது இருந்தால் உங்கள் திட்டமும் டிவியும் அதற்குத் தயார். வெறும் HD என்று மட்டும் இருந்தால் திட்டமோ கருவியோ தடுக்கிறது. டிவியில் பழைய எச்டி ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைச் செருகியிருந்தால் பிரீமியம் கட்டியும் பயனில்லை; டிவியிலேயே உள்ள செயலியைத் திறந்து பாருங்கள்.

இணைய வேகத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ். பில்லில் உள்ள வேகம் அல்ல, டிவி இருக்கும் அறையில் கிடைக்கும் வேகம். 4கே ஒரு மணி நேரத்துக்கு 7 ஜிபி வரை இழுக்கும். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் நாளொன்றுக்கு 2 ஜிபி வைத்திருப்பவர்களுக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும்.

இன்னொரு புகாரும் உண்டு: "எச்டிஆர் வந்ததும் படம் இருட்டிவிடுகிறது." விலை குறைந்த பல டிவிகள் எச்டிஆர் சிக்னலை ஏற்றுக்கொள்ளும், ஆனால் அவற்றின் திரை 300 நிட்ஸ் அளவைத் தாண்டாது. 1000 நிட்ஸுக்கான படத்தை அதற்குள் அடக்கும்போது மொத்தக் காட்சியும் மங்கித் தெரியலாம். முதலில் மின்சேமிப்பு அமைப்பை அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பாருங்கள். அப்படியும் இருட்டாக இருந்தால் அந்தத் திரையின் எல்லை அதுதான். ஆகவே வாங்கும்போது "எச்டிஆர் உண்டா" என்று கேட்காதீர்கள், எத்தனை நிட்ஸ் என்று கேளுங்கள். எங்கள் விற்பனையாளர்களையும் விட்டுவைக்க வேண்டாம்.

கேபிள் மட்டுமே பார்க்கும் வீடு என்றால், எச்டிஆருக்காகக் கூடுதல் பணம் செலவழிக்க நாங்கள் சொல்ல மாட்டோம். கடைக்கு வரும்போது உங்கள் திட்டத்தின் பக்கத்தையும் கேபிள் பெட்டியின் பின்புறத்தையும் கைபேசியில் படம் எடுத்து வாருங்கள். அதைப் பார்த்த பிறகு டிவியைப் பற்றிப் பேசலாம்.

இப்படிக்கு,
டிவி பிரிவினர்