ஷேக்ஸ்பியருக்குக் கல்யாணம் என்றைக்கு?

அன்புள்ள முருகேசா,

கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஒரு மாதமாவது படிக்காமல் இரு என்றால் கேட்கவா போகிறாய்!

மாணவர்களுக்காக நீ எழுதும் ஷேக்ஸ்பியர் வரலாற்றைப் படித்தேன். '1582 நவம்பர் 28 அன்று ஆன் ஹாத்தவேயை மணந்தார்' என்ற வரியை மட்டும் மாற்றிவிடு. எங்கிருந்து எடுத்திருப்பாய் என்று தெரியும், பல புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது கல்யாணத் தேதி இல்லை, ஒரு ஜாமீன் பத்திரத்தின் தேதி.

அந்தக் காலத்தில் தேவாலயத்தில் மூன்று முறை கல்யாண அறிவிப்பு படிக்க வேண்டும். ஒரே முறை போதும் என்று சலுகை வேண்டுமானால் பிஷப் அலுவலகத்தில் உரிமம் வாங்க வேண்டும். பின்னால் ஏதாவது வில்லங்கம் கிளம்பினால் அலுவலகத்துக்கு நஷ்டம் வராமலிருக்க, ஸ்ட்ராட்ஃபோர்டு விவசாயிகள் இருவர் 40 பவுண்டுக்கு வூஸ்டரில் எழுதிக்கொடுத்த பத்திரம் அது. கல்யாணம் நடந்தது என்று அதில் எங்கும் இல்லை. நடந்த நாளைப் பதிந்த ஏடு எதுவும் இதுவரை கிடைக்கவும் இல்லை.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. டிசம்பர் 2 முதல் ஜனவரி நடுப்பகுதி வரை, நம் மார்கழி மாதிரி, கல்யாணத்துக்கு ஆகாத காலம். மூன்று ஞாயிறு காத்திருக்க முடியாது. மகள் சூசன்னாவுக்கு ஞானஸ்நானம் 1583 மே 26 அன்று. நீயே கணக்குப் போட்டுப் பார்.

அப்படியானால் மூல ஆவணம் சொல்வதெல்லாம் சரியா? அங்கேதான் வேடிக்கை. பத்திரத்துக்கு முந்தின நாள், நவம்பர் 27, பிஷப்பின் பதிவேட்டில் மாப்பிள்ளை அதே ஆள்தான், பெண் மட்டும் 'டெம்பிள் கிராஃப்டன் ஊர் ஆன் வேட்லி'! இதை வைத்து ஃபிராங்க் ஹாரிஸ் என்பவர், காதலித்தது வேட்லியை, கட்டிவைக்கப்பட்டது ஹாத்தவேயை என்று ஒரு முழுக்கதையே பின்னிவிட்டார். அதே பதிவேட்டில் அக்கம்பக்க வரிகளைப் புரட்டியவர்களுக்கு வேறொன்று கண்ணில் பட்டது: அன்றைக்கே வில்லியம் வேட்லி என்ற பாதிரியாரின் தசமபாக வழக்கும் அங்கே வந்திருக்கிறது. குமாஸ்தா அந்தப் பெயர் நினைவிலேயே எழுதித் தொலைத்திருக்கலாம். பத்திரமோ பெண்வீட்டுக்கு வேண்டியவர்கள் நேரில் நின்று கொடுத்தது. அதனால் பெயர் விஷயத்தில் நான் பத்திரத்தைத்தான் நம்புவேன். டெம்பிள் கிராஃப்டன் எப்படி வந்தது என்பது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே, '1582 நவம்பர் கடைசியில் உரிமம் வாங்கி, அதையொட்டி மணந்திருக்க வேண்டும்' என்று எழுது. பிள்ளைகள் மனப்பாடம் செய்ய ஒரு தேதி வேண்டுமே என்பாய். சூசன்னாவின் ஞானஸ்நானத் தேதியைக் கொடு, அது பங்குத் தேவாலய ஏட்டிலேயே இருக்கிறது.

அப்புறம், உன் கல்யாணம் ஆவணியிலா ஐப்பசியிலா என்று இங்கே ஒரு தகராறு. பத்திரிகை இருந்தால் எடுத்து வை, தங்கச்சியிடம் கேட்டு மாட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
சுந்தரம்