படகு ஏன் ஒட்டியது போல இருக்கிறது

அன்புள்ள கயல்,

பல படங்களை இணைத்து நீ செய்து அனுப்பிய நாவல் அட்டையை ராத்திரி பார்த்தேன். கடல், நிலா, தூரத்தில் கலங்கரை விளக்கம், முன்னால் படகு. எல்லாம் நல்ல படங்கள்தான். ஆனால் படகு மட்டும் கத்தரித்து ஒட்டியது போல நிற்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். நீ ஓரத்தைச் சீவிக்கொண்டே இருக்கிறாய். கோளாறு ஓரத்தில் இல்லை.

அந்தப் படகு உச்சி வெயிலில் எடுத்த படம். விளிம்புப் பலகைக்குக் கீழே கருப்பாக விழுந்திருக்கும் நிழலே காட்டிக்கொடுக்கிறது. உன் நிலாவோ படகுக்குப் பின்னால் இருக்கிறது. அப்படியென்றால் நம்மைப் பார்க்கும் பக்கம் இருட்டாகவும், மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய வெளிச்சக் கோடும் இருக்க வேண்டும். வெயில் நிழலை அழிக்கப் போராடாதே. மேகமூட்டத்தில் எடுத்த படகுப் படம் ஒன்றைத் தேடு. அதில் கெட்டி நிழல் இருக்காது, நாம் விரும்பிய ஒளியை வரைந்துகொள்ளலாம். படகு லேயரோடு மட்டும் கட்டிய Curves-ஆல் அதை இருட்டாக்கு. அப்புறம் மேலே ஒரு லேயரை Screen என்ற கலப்பு முறையில் வைத்து, வெளிர் நீலத்தில் விளிம்புக் கோட்டைச் சின்ன பிரஷ்ஷால் இழு.

அடுத்தது நீர்மட்டம். படகு தண்ணீரைத் தொடும் இடத்தில் ஒரு கரிய கோடும், கீழே அலையில் உடைந்த பிம்பமும் வேண்டும். அது இல்லாததால்தான் மிதக்காமல் தொங்குகிறது. நிலாவின் ஒளிப்பாதையும் நிலாவுக்கு நேர் கீழே வர வேண்டும். உன்னுடையது இடப்பக்கம் தள்ளியிருக்கிறது.

கலங்கரை விளக்கத்தின் கருப்பு, படகின் கருப்பு அளவுக்கே இருக்கிறது. தூரத்துப் பொருளில் அவ்வளவு கருப்பு இருக்காது, நடுவில் காற்றும் ஈரமும் இருக்கிறதே. அதன் Curves-இல் இடது அடிப் புள்ளியைக் கொஞ்சம் மேலே தூக்கு. சரியா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே கருப்பு நிரப்பிய ஒரு லேயரை Color-இல் வை. நிறம் போய் வெறும் வெளிச்சம் மட்டும் தெரியும். பார்த்ததும் அதை அணைத்துவிடு.

பழைய காகித டெக்ஸ்சரை நீ வானத்தில் மட்டும் போட்டிருக்கிறாய். அதனால் படகு இன்னும் தனியாகிவிட்டது. அது கடைசியில், படம் முழுவதற்கும் மேலே, Multiply-இல், மங்கலாக வர வேண்டும். அதன்மேல் 50% சாம்பல் லேயரில் கொஞ்சம் Noise சேர்த்து Overlay-இல் வை. வெவ்வேறு கேமராப் படங்களுக்கு ஒரே மாதிரி மணல் போன்ற பொடிப்புள்ளிகள் கிடைத்துவிடும்.

ஒன்று மறந்துவிடாதே. நான் முதன்முதலில் செய்த ராத்திரி அட்டை திரையில் ஜொலித்தது. அச்சாகி மேட் லேமினேஷன் போட்டு வந்தபோது படகையே காணோம், முழுக்க இருட்டு. ஆயிரம் பிரதிகள்! உன் அப்பாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இருட்டுப் பகுதிகளைத் திரையில் உனக்குப் பிடித்த அளவைவிடக் கொஞ்சம் வெளுப்பாகவே வைத்துக்கொள். அச்சகத்தில் ஒரு புரூஃப் கேள், அதைக் குழல்விளக்கின் கீழே பார்.

புதுப் படகு கிடைத்ததும் லேயர்களைச் சேர்க்காமல் அப்படியே அனுப்பு.

அப்பா