முத்திரைக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

40 லட்ச ரூபாய்க்கு ஒரு மனை பேசி, 7 சதவீதம், அதாவது 2.80 லட்சம் முத்திரைக் கட்டணம் கட்டினோம். ஜனவரியில் கிரயப் பத்திரத்தில் கையெழுத்தும் ஆனது. பதிவுக்கு முன்பே வில்லங்கம் தெரிந்ததால் கிரயத்தைக் கைவிட்டோம்.

முத்திரைச் சட்டத்தின் 50வது பிரிவுப்படி, கையெழுத்தான பத்திரத்துக்கு அதன் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். நாங்கள் ஜூனிலேயே மனு கொடுத்தோம். ஆனால் விற்றவர் இழுத்தடித்து, ரத்துப் பத்திரத்தில் ஆகஸ்டில்தான் கையெழுத்திட்டார். அதைக் காட்டி 'காலம் கடந்துவிட்டது' என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். கெடு மனுவுக்கா, ரத்துப் பத்திரத்துக்கா?

இதே போன்ற மும்பை வழக்கில், மனு உரிய காலத்தில் வந்திருந்ததால் 27,34,500 ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பத்திரத்தைப் பதிய 4 மாதம், அபராதத்தோடு மேலும் 4 மாதம் அவகாசம் இருக்கிறது. சரி, 8 மாதம் இருக்கிறதே என்று காத்திருப்பவருக்கு 6வது மாதத்திலேயே பணம் போய்விடும். மனு தேதியை மட்டும் கணக்கில் எடுக்கும்படி பதிவுத் துறையும் வருவாய்த் துறையும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

ஒரு வாசகர்,
மதுரை