ஈரத் தலையை இழுக்காதை, பிள்ளை

அன்பு மகளுக்கு,

அப்பாவும் நானும் சுகம். மாமரம் இந்த முறையும் நல்லாப் பூத்திருக்கு. மற்றக் கதையளைப் பிறகு எழுதுறன்.

"தலைமயிர் கொட்டுது அம்மா" எண்டு ஒரு வரி போட்டாய். அதுக்குப் பிறகு சத்தமில்லை. அதுக்கு முதல் வீடியோவில வந்தபோது, வகிட்டுக்கு ரெண்டு பக்கமும் குட்டி மயிர் நிமிர்ந்து நிண்டதைப் பாத்தனான். வெளிச்சத்தில பிடிச்சு நுனியைப் பார். கூராய் மெலிஞ்சிருந்தால் புதுசா முளைக்கிறது. வெட்டினமாதிரி மொட்டையாய் இருந்தால் முறிஞ்சது.

முழுகின உடனை, வேலைக்கு ஓடுற அவசரத்தில, சொட்டச் சொட்டச் சீப்பாலை தலை இழுக்கிறாய் எண்டுதான் நான் நினைக்கிறன். ஈர மயிர் தண்ணியைக் குடிச்சு ஊதும். உள்ளுக்கை அதைப் பிடிச்சு வைச்சிருக்கிற கட்டுகள் கொஞ்சம் தளரும். அதாலை இழுக்க இழுக்க நீளும், "வருது" எண்டு கை நினைக்கும். ஆனால் அளவுக்கு மிஞ்சி நீண்டது காய்ஞ்சாலும் பழையபடி திரும்பாது. அந்த இடம் பலவீனமாய் நிண்டு, பிறகு ஒருநாள் அதிலையே முறியும். லண்டன் தண்ணியும் எங்கட கிணத்துத் தண்ணி மாதிரிச் சுண்ணாம்புத் தண்ணிதான். மயிர் சொரசொரத்துச் சிக்குக் கூடும். அதுக்காக முழுகேக்கையே கண்டிஷனரை நடுவில இருந்து நுனிவரைக்கும் பூசி, கழுவ முதல் விரலாலை பெரிய சிக்குகளைப் பிரிச்சுவிடு.

பிறகு துவாயாலை உரஞ்சாதை. பழைய பருத்திச் சட்டையாலை பொத்திப் பிழிஞ்சு, சொட்டுறது நிண்டு, தொட்டால் குளிர்மை மட்டும் தெரியிற அளவுக்குக் காய விடு. உன்ர மயிர் இலேசா அலையான மயிர், அதுக்கு இந்தப் பதம் சரி. மச்சாளின்ர மாதிரிச் சுருட்டை எண்டால் கதை மாறும். அவள் காய்ஞ்ச தலையை இழுத்தால்தான் முறியும், கண்டிஷனர் வழுக்கலோட ஈரத்திலைதான் இழுக்கவேணும். அவள் சொல்லுறதைக் கேட்டு நீ செய்யாதை.

இனி இழுக்கிற விதம். தலையை நாலாய்ப் பிரிச்சு மூண்டைக் கிளிப்பிலை போடு. மிச்சத்தை நுனியிலயிருந்து நாலு விரல் மேல இறுக்கிப் பிடி, அப்ப இழுவை வேருக்குப் போகாது. பல்லு அகலமான சீப்பாலை, பிடிக்குக் கீழை உள்ளதை மட்டும் இழு. தடையில்லாமல் வழுக்கினால் பிடியை ரெண்டு விரல் மேல ஏத்தி, அங்கையிருந்து நுனிவரைக்கும் இழு. இப்பிடி ஏறி ஏறி வேருக்கு வா. உச்சியில இருந்து தொடங்கினால் வழியில உள்ள சின்னச் சின்னச் சிக்கெல்லாம் கீழை தள்ளுப்பட்டு, ஒண்டாச் சேந்து, ஒரு முடிச்சாய் இறுகும். அது இறுகிறது ஆக நைஞ்ச இடத்திலை. மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளருது எண்டு கணக்குப் பார். இடுப்புவரைக்கும் உள்ள உன்ர மயிரின்ர நுனிக்கு அஞ்சு வயதுக்கு மேல. அது நீ இஞ்சையிருந்து போக முதல் முளைச்சது. அதின்ர மேல்தோல் தேஞ்சு போச்சு, வேரடி மாதிரித் தாங்காது.

முடிச்சு வந்தால் சீப்பை நிப்பாட்டு. ஒரு துளி தேங்காயெண்ணெயை விரலில தொட்டு, முடிச்சைப் பக்கவாட்டில பிரிச்சு, ஒவ்வொரு மயிராய் வெளியில எடு. "டிக்" எண்டு சத்தம் கேட்டால் ஒண்டு முறிஞ்சது எண்டு தெரிஞ்சுகொள். நுனியில இருந்து தொடங்கு பிள்ளை, எவ்வளவு அவசரமெண்டாலும் நுனியில இருந்து.

இனி விழுந்த மயிரைப் பார். சீப்பில உள்ளதை வெள்ளைக் கடதாசியில போடு. நீளமாய், ஒரு முனையில சின்ன வெள்ளைக் குமிழோட இருந்தால் அது வேரோட உதிர்ந்தது. நாளுக்கு அம்பது முதல் நூறுவரை அப்பிடி உதிர்றது வழமை, முழுகிற நாளில இன்னும் கனக்கத் தெரியும். குமிழ் இல்லாமல் கட்டையாய்க் கிடந்தால் முறிஞ்சது, அதுக்கு மேல சொன்னதெல்லாம் உதவும்.

ஆனால் குமிழோட கைநிறைய வந்தால் சீப்பைக் குற்றம் சொல்லாதை. ஒரு பெரிய காய்ச்சல், சாப்பாட்டைக் குறைச்சது, மனதை உலுப்பின ஒரு விஷயம், இதுகள் நடந்து ரெண்டு மூண்டு மாதம் கழிச்சுத்தான் மயிர் உதிரும். மூண்டு மாதத்துக்கு முந்தித்தான் நீ கதைக்கிறதையும் குறைச்சனி. என்ன நடந்தது எண்டு நான் கேக்கேல்லை. எனக்குச் சொல்லாட்டிலும் டொக்டரிட்டைச் சொல்லு. இரும்புச் சத்தையும் தைரொயிட்டையும் பாக்கச் சொல்லி இரத்தம் குடு. தனியப் படிச்சு, தனிய வேலை எடுத்த பிள்ளை நீ, இதையும் செய்வாய் எண்டு தெரியும். ஆனால் கேட்டால் மட்டும் ஒரு வரி எழுதுறதும் சரியில்லை.

இந்தச் சனிக்கிழமை முழுகின பிறகு கடதாசியில கிடக்கிற மயிரை ஒரு படம் எடுத்து அனுப்பு. முனை தெரியிற மாதிரிக் கிட்ட வைச்சு எடு.

அன்புடன்,
அம்மா